பேக்கரி திறப்புக்கு 24 விநாடி வீடியோ: தணல் சரியாக வர 11 தடவை

சுன்னாகம் பக்கம் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு பேக்கரியைத் தெரிந்த அண்ணை ஒருவர் எடுத்து நடத்தப்போகிறார். வெள்ளிக்கிழமை திறப்பு. திங்கட்கிழமை பின்னேரம் போன் எடுத்து, "தம்பி, வட்ஸ்அப்பிலை போட ஒரு சின்ன விளம்பரம் செய்து தாரும், மா குழைக்கிறது, போறணை வெளிச்சம், சுடச்சுடப் பாண், இவ்வளவும் வந்தாப் போதும்" என்றார். நான் கல்யாண வீட்டு வீடியோ எடுக்கிறவன். கமராவைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன், ஆனால் படம் எடுக்க அங்கே பாணே இல்லை. வருடக்கணக்காக நெருப்புக் காணாத செங்கல் போறணை ஈரம் குடித்திருக்கும், ஒரேயடியாக எரித்தால் வெடிக்கும் என்று ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதாக நெருப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாண் புதன்கிழமை விடியத்தான் வரும். சரி, அதுவரைக்கும் சும்மா இருப்பானேன், எழுதிக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் ஏஐ சேவை ஒன்றுக்கு ஏற்கெனவே மாதக்காசு கட்டுகிறேன், அதில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் ப்ரொம்ப்ட் அண்ணை சொன்னதை அப்படியே எழுதியதுதான்:

```
Bakery opening day, kneading dough, glowing oven,
warm close-ups of fresh loaves, steam, golden light
```

வந்தது 8 விநாடி. பார்க்க அழகு. தோல் ஏப்ரன் போட்ட தாடிக்காரர் ஒருவர் மாவைத் தட்டுகிறார், இரண்டு விநாடியில் அந்த மாவே பாணாக மாறிவிடுகிறது, பாணுக்குப் பின்னால் அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. பாண் உருண்டையானது, மேலே கத்தியால் கீறிய கோடு, கடினமான தோல். அண்ணைக்கு அனுப்பினேன். அவர் அதைப் போறணை பார்க்கும் ஐயாவிடம் காட்டியிருக்கிறார். ஐயாவின் பதில் குரல் பதிவாக வந்தது: "உது ஆற்றை பேக்கரி? நாங்கள் பாணைக் கீறுறேல்லை. நெருப்பு எரியேக்கை ஆர் பாண் வைக்கிறது?"

இரண்டாவது கேள்விதான் வேலையைத் திசை திருப்பியது. இப்படியான விறகுப் போறணையில் நெருப்பும் பாணும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. உள்ளேயே விறகை எரித்து, செங்கல் நன்றாகச் சூடு குடித்த பிறகு தணலை ஒரு ஓரமாக ஒதுக்கியோ வெளியே இழுத்தோ விடுவார்கள். ஈரச் சாக்கைக் கம்பில் கட்டித் தரையைத் துடைத்து, ஒரு பிடி மாவைத் தூவிப் பார்ப்பார்கள். உடனே கருகினால் இன்னும் சூடு கூட, மெல்லச் சிவந்தால் பாண் வைக்கலாம். அதன்பிறகு பாணை வேகவைப்பது செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூடுதான். ஆகவே பாண் உள்ளே இருக்கும்போது போறணைக்குள் தெரிகிற வெளிச்சம் ஓரத்தில் கிடக்கும் தணலின் மங்கல் செம்மஞ்சள் மட்டுமே. `glowing oven` என்று எழுதினால் கருவிக்கு இதெல்லாம் எங்கே தெரியும், பீட்சா கடை அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறது. (மின்சார, காஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். 200, 220 பாகை செல்சியசில் இரும்பு கண்ணுக்குத் தெரியச் சிவக்காது, அதற்கு 500 பாகைக்கு மேல் வேண்டும். அங்கே தெரியும் மஞ்சள் வெளிச்சம் உள்ளே இருக்கும் சின்ன பல்பினுடையது. அந்த பல்பைத்தான் எழுதவேண்டும்.)

இடையில் தமிழிலும் எழுதிப் பார்த்தேன். கருவிக்குத் தமிழ் புரியாமலில்லை, நம்முடைய சொல்தான் அதைக் குழப்புகிறது. மா என்றால் காய்ந்த மாவும் அதுதான், தோசைக்குக் கரைத்ததும் அதுதான், பாணுக்குக் குழைத்ததும் அதுதான். 'குழைத்த மா' என்று எழுதியதற்கு ஒரு சுளகு நிறைய வெள்ளைப் பொடியும் பக்கத்தில் ஒரு கரண்டியும் வந்தன. மாமரம் வராத வரைக்கும் சந்தோஷம். 'போறணை' என்றதற்கு மண் அடுப்பில் பானை. ஆகவே கருவிக்குக் கொடுக்கும் வரிகளை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தணலோடு போனது. ஒரே ப்ரொம்ப்டில் ஐந்து காட்சியைத் திணித்ததால்தான் மா பாணாக மாறுகிறது. 8 விநாடிக்குள் எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்று அது நினைக்கும்போது ஒன்றை மற்றொன்றாக உருக்கிவிடுகிறது. ஆகவே ஒரு துண்டுக்கு ஒரு இடம், ஒரு அசைவு, அவ்வளவுதான். முதலில் இப்படி:

```
Inside a low brick oven. No flames. No bread.
Embers along one wall.
```

நெருப்பு இன்னும் பெரிதாக எரிந்தது! `No flames` என்று எழுதினால் அது `flames` என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது, `No` காற்றோடு போய்விடுகிறது. சில சேவைகளில் வேண்டாததை எழுதத் தனிப் பெட்டி உண்டு, நான் பயன்படுத்தியதில் இல்லை. இல்லாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான், வேண்டாததைப் பெயர் சொல்லாமல் வேண்டியதை மட்டும் சொல்வது. 'நெருப்பு எரியவில்லை' என்பதை விட்டு 'எரிந்து முடிந்து மங்கிய தணல்' என்று மாற்றியதும் கொழுந்து போனது.

அப்புறம் தணல் சிமிட்டத் தொடங்கியது. கிறிஸ்மஸ் பல்பு மாதிரி ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாக அணைந்து எரிந்தது. உண்மைத் தணலை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் தெரியும், அது சிமிட்டாது. காற்று மேலே போகும்போது ஒரு பக்கம் மெல்லப் பழுத்து, அந்தச் சிவப்பு அப்படியே நகர்ந்து அடுத்த கட்டிக்குப் போகும், விட்ட இடம் சாம்பல் பூக்கும். அதைத்தான் எழுதவேண்டியிருந்தது:

```
Static camera. Dim, nearly spent embers along the left wall
of a low, soot-black brick oven. Their brightness drifts slowly
from coal to coal, as if air moves over them.
The embers are the only light. The right side stays dark.
```

இதில் `warm`, `cozy`, `cinematic` எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொற்கள் வந்தாலே முழுப் படத்துக்கும் தேன் பூசியது போல் ஒரு நிறம் வந்துவிடுகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் இருட்டு என்று சொல்லிவிட்டால் சூடு தானாக வரும். ஒன்பதாவது தடவையில் தணல் தணலாக இருந்தது.

ஆனால் போறணை எங்களுடையதாக இல்லை. வளைவு உயரமாக, வாய் அகலமாக, செங்கல் புதிதாக இருந்தது. ஐயா குனிந்து பார்த்துப் பார்த்து வாசற்கல்லில் ஒரு மழுங்கல் விழுந்த போறணை அது. அந்த ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அந்த வாய் தெரியும். அதை எழுதியெல்லாம் வரவைக்க முடியாது. புதன் விடியும்வரை பொறுத்தேன்.

புதன் விடிய மூன்றரை மணிக்குப் போனபோது ஐயா தணல் ஒதுக்கிக்கொண்டிருந்தார். வீடியோவாகவே எடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. இருட்டுப் பக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாக வந்தது, தணல் வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துபோனது. வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது விநாடியில் 25இல் ஒரு பங்கு நேரம்தான். அதே இடத்தில் போனை முக்காலியில் வைத்து நிழற்படமாக எடுத்தால் இரண்டு மூன்று விநாடி வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், தணல் பக்கம் வெளுக்காமல் வெளிச்ச அளவைக் குறைத்துக்கொள்ளவும் நேரம் இருக்கிறது. அப்படி ஒரு சுத்தமான படம் கிடைத்தது. அந்தப் படத்தை முதல் ஃப்ரேமாகக் கொடுத்து, மேலே உள்ள ப்ரொம்ப்டில் போறணையைப் பற்றிய வரிகளை எல்லாம் வெட்டிவிட்டு, அசைவை மட்டும் எழுதினேன். படத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப எழுதினால் கருவி அதை மறுபடி வரையப் பார்க்கும், செங்கல்லின் வடிவம் மெல்ல மாறும். எது அசையவேண்டும், எது அசையக்கூடாது, அது மட்டும் போதும். இரண்டாவது தடவையிலேயே வந்தது. மொத்தம் 11.

அடுத்தது மா. இதில் நான் தோற்றேன், தோற்றதற்குக் காரணம் உண்டு. நல்ல பாண் மாவுக்கு ஒரு குணம் இருக்கிறது. பொங்கியது போதுமா என்று பார்க்க ஐயா பெருவிரலால் ஒரு குழி அழுத்துவார். குழி சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் பொங்கவேண்டும். நிமிராமல் அப்படியே கிடந்தால் கடந்துபோயிற்று. மெல்ல, அரைவாசி மட்டும் நிமிர்ந்தால் பதம். இந்தக் குழி ஒரு நல்ல காட்சி, பார்க்கிறவருக்கே விரல் துடிக்கும். நான்கு தடவை எழுதிப் பார்த்தேன்:

```
Macro. A floured thumb presses a dent into risen dough and lifts.
The dent slowly fills halfway, then stops.
```

ஒருமுறை விரல் மாவுக்குள் புகுந்து மாவோடு ஒட்டி ஒன்றாகிவிட்டது. ஒருமுறை குழி மெத்தை மாதிரி முழுதாக நிமிர்ந்தது. ஒருமுறை விரல் எடுத்த பிறகு குழி இன்னும் ஆழமானது. நான்காவது பரவாயில்லை என்று நினைத்து ஐயாவிடம் காட்டினேன். "உது மா இல்லைத் தம்பி, சவ்வு" என்றார். அவர் சொன்னது சரி. கருவிக்கு மாவின் இழுவிசை தெரியாது, மாவின் படங்கள்தான் தெரியும். தொடாத மா எப்போதும் நன்றாக வருகிறது. விரலோ கையோ பட்ட உடனே பொய் தெரிகிறது, அதிலும் மா குழைத்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரிகிறது. அங்கே ஐயா அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதே குழியை அழுத்திக்கொண்டுதான் நிற்கிறார். போனைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்தேன். பத்து நிமிட வேலை. அந்த நான்கு தடவைக்குப் போன கிரெடிட்டை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான்.

பாணைப் போறணையிலிருந்து நீளத் துடுப்பால் இழுத்து எடுக்கும் காட்சிக்கும் இதே கதி. முதல் ஃப்ரேமில் அச்சு ஆறு. துடுப்பு பாதி வழி வந்தபோது எட்டு. வெளியே வந்ததும் துடுப்பும் இரண்டாகிவிட்டது. மறைந்து மறுபடி தெரியும் பொருளை அது எண்ணி வைத்திருக்காது, ஆகவே இருட்டுக்குள்ளிருந்து வரிசையாகப் பொருள் வெளிவரும் காட்சிகளை எழுதாமல் விடுவதே நல்லது. அதையும் கமராவால் எடுத்தேன்.

இனிப் பாண். இந்த விளம்பரத்தின் முகமே அதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எந்த ப்ரொம்ப்ட் எழுதினாலும் `fresh loaf` என்றால் அந்தக் கீறிய உருண்டைதான் வரும். `sandwich bread` என்றால் பிளாஸ்டிக் பையில் வரும் வெட்டிய பாண். எங்களுடைய இறாத்தல் பாண் இரண்டும் இல்லை. இந்தப் பேக்கரியில் அச்சில் பக்கம் பக்கமாக இரண்டு வைத்து வேகவைப்பார்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டு பொங்கும், எடுத்த பிறகு கையால் பிரிப்பார்கள். மேலே தவிட்டு நிறத்தில் மினுங்கும் தோல், பிரித்த பக்கத்தில் தோலே இல்லாமல் பஞ்சு பஞ்சாக, நார் நாராக வெள்ளை. அந்தப் பிரிந்த பக்கம்தான் கிட்டத்துப் படம். அதைப் பார்த்தால் ஊரில் ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லை, சின்ன வயதில் கடையிலிருந்து வீடு வருவதற்குள் அந்தப் பக்கத்தைக் கிள்ளித் தின்று அடி வாங்காதவர் யார்.

அண்ணை முதலில் கேட்டது, கத்தியால் வெட்ட ஆவி பறக்கிற காட்சி. ஐயா சம்மதிக்கவில்லை. "சுடச்சுட வெட்டினா உள்ளுக்குக் களியாப் போகும், அதைக் காட்டியோ விக்கப்போறியள்?" போறணையால் வந்த பாணின் நடு கொதிநீரின் சூட்டுக்குக் கிட்ட நிற்கும், உள்ளே மாச்சத்து இன்னும் இறுகியிருக்காது. கத்தி போட்டால் பஞ்சு நசிந்து கத்தியில் ஒட்டும். ஒரு மணித்தியாலமாவது ஆறவேண்டும், ஆறினால் ஆவி இல்லை. இணையத்தில் வரும் ஏஐ பாண் வீடியோக்கள் பலவற்றில் இந்தப் பிழை இருக்கிறது, சூடாக ஆவி பறக்கும் பாண் கேக் மாதிரித் துப்புரவாக வெட்டுப்படும். கையால் பிரிப்பதில் இந்தத் தொல்லை இல்லை, அது சூட்டோடுதான் பிரிபடும்.

ஆகவே புதன் விடிய ஐந்தரைக்கு, பிரித்த ஒரு சோடிப் பாணை வாசற்பக்க மேசையில் வைத்து இரண்டு நிழற்படம் எடுத்தேன். ஒன்று சோடி முழுவதும் தெரிய, மற்றது பிரிந்த பக்கம் மட்டும். ஆவி படத்தில் விழவில்லை. ஆவி தெரிய வேண்டுமானால் பின்னால் இருட்டும், பக்கவாட்டிலோ பின்னாலோ வெளிச்சமும் வேண்டும். எனக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்தது, ஆனால் பின்சுவர் புதிதாக வெள்ளை அடித்தது. வெள்ளைச் சுவரில் வெள்ளை ஆவி எப்படித் தெரியும். ஒரு கறுத்தச் சீலையைத் தேடி மாட்டுவதற்குள் பாண் ஆறத் தொடங்கிவிட்டது. படங்களைச் சீலை பின்னணியில் திரும்ப எடுத்துக்கொண்டு, ஆவியை மட்டும் கருவியிடம் கேட்டேன்:

```
Static camera. The loaves do not move or change.
Thin steam rises from the torn side and drifts right.
Light from the left stays constant.
```

முதலில் `Slow push-in` என்று போட்டிருந்தேன். கமரா கிட்டப் போகப் போகப் பஞ்சில் இருந்த துளைகள் ஊரத் தொடங்கின. கிட்டப் போனால் படத்தில் இல்லாத நுணுக்கத்தைக் கருவி கற்பனை செய்யவேண்டியிருக்கிறது, ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் வேறாகக் கற்பனை செய்கிறது. முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் ஏதோ அருவருப்பு மட்டும் தோன்றும், என்னவென்று தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி, பஞ்சில் ஒரு பெரிய துளையைக் குறிவைத்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். அந்தத் துளை வடிவம் மாறினாலோ இரண்டானாலோ அந்தத் துண்டு உதவாது. பாணில் புழு ஊர்கிற மாதிரி ஒரு விளம்பரம் எவருக்கும் வேண்டாம்.

கமராவை அசையாமல் வைத்ததும் துளைகள் அடங்கின, ஆனாலும் நான்காவது விநாடிக்குப் பிறகு மெல்ல நழுவத் தொடங்கியது. முதல் ஃப்ரேம்தான் என்னுடைய உண்மைப் படம், அங்கிருந்து விலக விலகப் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே 8 விநாடி வந்ததில் முதல் மூன்றரை விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டேன், இரண்டு படத்துக்கும் அப்படியே. கிட்டப் போகும் அசைவை எடிட்டிங்கில் நூற்றுக்குப் பத்து அளவில் பெரிதாக்கி நானே போட்டேன். 1080 அகலத்தில் அவ்வளவு இழுத்தாலும் போன் திரையில் குறை தெரியாது.

நிறம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போனைச் சும்மா விட்டால் அது தணல் வெளிச்சத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும், செம்மஞ்சள் எல்லாம் சாம்பலாகும். வைட் பேலன்சை 3200 கெல்வினில் பூட்டிவைத்தேன். பேக்கரியில் இருந்த ரியூப் லைட்டை அணைக்கச் சொன்னேன், அந்த நீல வெள்ளை ஒரு ஓரத்தில் விழுந்தாலே பாண் பழசாகத் தெரியும். ஆனால் வாசல் வழியாக வந்த விடியல் வெளிச்சத்தின் நீலத்தை அப்படியே விட்டேன். முழுவதும் செம்மஞ்சளாக இருந்தால் பஞ்சின் வெள்ளை மஞ்சள் போட்ட கேக் மாதிரி ஆகிவிடும், எங்கேயாவது கொஞ்சம் நீலம் இருந்தால்தான் கண் அந்த வெள்ளையை வெள்ளை என்று நம்பும். ப்ரொம்ப்ட் மட்டும் வைத்துச் செய்பவர்களும் `cool blue dawn light in the doorway` என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், `warm` என்று பத்துத் தடவை எழுதுவதைவிட அது அதிகம் வேலை செய்யும்.

சத்தத்தை முழுவதும் தூக்கி எறிந்தேன். கருவி தந்ததில் கிற்றார் வாசிப்பும் யாரோ கோப்பை வைக்கும் ஓசையும் இருந்தன, சுன்னாகத்தில் யார் கிற்றார் வாசித்துப் பாண் விற்கிறார்கள். அச்சை மேசையில் தட்டும் சத்தம், தணல் இழுக்கும் கம்பி செங்கல்லில் உரசும் சத்தம், பாணின் அடியை ஐயா விரலால் தட்ட வரும் வெற்றோசை, மூன்றையும் போனில் பதிந்து அடியில் போட்டேன். அண்ணைக்குப் பாண் ஓட்டோ மெட்டு ஒன்று வேண்டும் என்று ஆசை. ஓட்டோ வாங்கினபிறகு போடலாம் என்று தள்ளிவைத்தேன்.

கடைப் பெயரையும் கருவியிடம் விடவில்லை. ஒருமுறை சோதித்தேன், 'வெதுப்பகம்' என்பதில் புள்ளி இடம் மாறி, 'து' என்ற எழுத்து உலகத்தில் இல்லாத ஒரு வடிவத்தில் வந்தது. பெயர், இடம், திறப்பு நேரம் எல்லாம் எடிட்டிங்கில் தட்டெழுதிய நான்கு விநாடி அட்டை.

கடைசியில் கணக்கு இப்படி நின்றது: தணல் 5 விநாடி, மாக்குழி 4, துடுப்பு 4, பாண் இரண்டு துண்டும் சேர்த்து 7, அட்டை 4. இருபத்து நான்கில் பன்னிரண்டுதான் கருவி தொட்டது, அதிலும் பாண் உண்மைப் பாண், போறணை உண்மைப் போறணை. ஆவி பொய். பேஸ்புக்கில் போடும்போது ஏஐ சேர்ந்தது என்று அடையாளமிட்டேன், அண்ணைக்கு அது பிடிக்கவில்லை, பிறகு சரி என்றார். விற்காத பாணைக் காட்டினால்தான் பிரச்சினை, நாளைக்கு ஒருவர் வந்து அந்தக் கீறிய உருண்டையைத் தா என்று கேட்டால் ஐயா என்ன சொல்வார்.

வியாழன் இரவு வட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தபோது இன்னொரு வேலை வந்தது. அது கோப்பைச் சுருக்கும்போது இருட்டைத்தான் முதலில் பலி கொடுக்கிறது. தணல் காட்சியின் கறுத்தப் பக்கம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது, செங்கல்லைக் காணோம். நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, முழுக் கறுப்பாக எந்த இடமும் இல்லாமல் செய்து திரும்ப அனுப்பினேன். கணினித் திரையில் அது கொஞ்சம் வெளிறித் தெரிந்தது, போனில் நன்றாக இருந்தது. எல்லாரும் பார்க்கப்போவது போனில்தானே.

வெள்ளி விடிய நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, முதல் சோடிப் பாணைப் பிரித்துச் சாமிக்கு வைத்தார்கள். வந்தவர்கள் பலர் வீடியோவைப் பார்த்திருந்தார்கள், ஒரு அம்மா பிரித்த பக்கம் உள்ள பாணாகத் தா என்று கேட்டே வாங்கினார். ஐயா மட்டும் என்னைப் போறணைப் பக்கம் கூப்பிட்டுப் போனை நீட்டினார். "எல்லாம் சரி தம்பி. தணல் ஏன் இந்தப் பக்கம் கிடக்குது? நான் எப்பவும் வலப்பக்கம்தான் ஒதுக்குறனான்."

பாணுக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்ததால், இரண்டும் பொருந்தட்டும் என்று தணல் படத்தை இடம் வலமாகப் புரட்டிக் கொடுத்திருந்தேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அன்று பின்னேரம் தணலை நேராக்கி, அதற்குப் பதிலாகப் பாணைப் புரட்டினேன். பாணுக்கு இடம் வலம் தெரியாது. மேசை ஓரத்தில் கிடந்த மா மூட்டையின் எழுத்து இடம் வலம் மாறித் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், நல்லகாலம், அது சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தது.